ஏழு பக்கத் தலைவலியை ஒரு பக்கத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 38. பள்ளியில் படித்த காலத்திலிருந்தே தலைவலி உண்டு. இன்னும் மூன்று வாரங்களில் முதன்முறையாக நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். தலைவலியின் வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்து வரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தேன், ஏழு பக்கம் ஆகிவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. – ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஏழு பக்கங்களைச் சுருக்க முயல வேண்டாம். அவற்றை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, புதிய தாளில் தொடங்குங்கள். ஏழு பக்கத்தைச் சுருக்கினால் எல்லாவற்றிலும் கொஞ்சம் மிஞ்சும். மருத்துவருக்குத் தேவையானது சிலவற்றில் முழு விவரம். நாட்பட்ட தலைவலியோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு உடல் பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியாது, ஸ்கேனும் இயல்பாகவே இருக்கும். ஆகவே இது எந்த வகைத் தலைவலி என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் தீர்மானிப்பது நோயாளி சொல்லும் விவரத்தைக் கொண்டுதான். அந்த விவரத்தில் நான் முதலில் தேடுபவை நான்கு: வலி எப்போது தொடங்கி எப்போது மாறியது, மாதத்தில் எத்தனை நாள் வருகிறது, வரும்போது உங்களை என்ன செய்கிறது, இதுவரை என்னென்ன மருந்து எந்த அளவில் எவ்வளவு காலம் எடுத்தீர்கள்.

முதல் விவரத்துக்கு இரண்டு வரி போதும், ஆனால் அதில் இரண்டு காலக்குறிப்புகள் இருக்க வேண்டும். ‘15 வயதிலிருந்து தலைவலி’ என்று மட்டும் எழுதினால், நடுவில் நிகழ்ந்த மாற்றம் அந்த நீண்ட காலத்துக்குள் மறைந்துவிடும். பல ஆண்டுகளாக மாதம் ஒருமுறை வந்துபோன வலி எட்டு மாதங்களுக்கு முன் வாரம் மூன்று முறையாக மாறியிருந்தால், மருத்துவர் விசாரிக்க வேண்டியது அந்த எட்டு மாதத்தைத்தான். எனவே தொடங்கிய வயதையும், இப்போதுள்ள நிலைக்கு வந்த மாதத்தையும் தனித்தனியே எழுதுங்கள். மாற்றமே இல்லை என்றால் அதையும் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். அதுவும் எங்களுக்குப் பயன்படும் செய்தியே.

நாள்கணக்கில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ‘மாதத்துக்கு எத்தனை முறை தலைவலி வருகிறது?’ என்று கேட்டால், மனம் மிக மோசமான நாட்களை மட்டுமே எண்ணிச் சொல்கிறது. வேலைக்குப் போக முடிந்த நாளின் மந்தமான வலியையும், மாத்திரை போட்டதும் அடங்கிய வலியையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் நான் கேள்வியைத் திருப்பிப் போடுவேன்: ‘கடந்த 30 நாட்களில், காலை எழுந்தது முதல் படுக்கப் போகும்வரை தலையில் துளி வலியும் இல்லாத நாட்கள் எத்தனை?’ இந்தக் கேள்விக்குப் பலர் சற்று நேரம் பதில் சொல்லாமல் இருப்பார்கள். பிறகு வரும் எண், அவர்கள் முதலில் சொன்னதோடு பொருந்தவே பொருந்தாது.

நான் பார்த்த 41 வயதுப் பெண் ஒருவரை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மாதம் நான்கு முறை வலி வருவதாக அவர் சொன்னார். வலியே இல்லாத நாட்களை எண்ணச் சொன்னபோது 11 என்றார். அப்படியானால் மீதி 19 நாட்களும் வலி நாட்கள். அவற்றில் இருட்டறையில் படுக்க நேர்ந்தவை எட்டு. அந்த எட்டிலும் விடுப்பு எடுத்தது நான்கு நாள்தான். அவர் சொன்ன ‘நான்கு’ அந்த விடுப்பு நாட்களின் எண்ணிக்கை. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. ஆனால் மாதம் நான்கு நாள் ஒற்றைத் தலைவலிக்கும் 19 நாள் தலைவலிக்கும் சிகிச்சை வேறு. மூன்று மாதங்களுக்கு மேலாக மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றில் எட்டு நாட்களாவது ஒற்றைத் தலைவலியின் தன்மையோடு இருந்தால், அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று தனியாக வகைப்படுத்துகிறோம். ஆகவே உங்கள் தாளில் மூன்று எண்கள் வேண்டும்: வலியே இல்லாத நாட்கள், ஏதேனும் வலி இருந்த நாட்கள், வேலையை விட்டுப் படுக்க வேண்டியிருந்த நாட்கள்.

இதற்கு அடுத்தபடியாக, நான்காவது எண்ணாக, வலி மாத்திரை எடுத்த நாட்களை எழுதுங்கள். ஒருவர் இந்தத் தாளில் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுத முடியும் என்றால், அது இந்த எண்ணாக இருக்கட்டும் என்பேன். தலைவலிக்காக எடுக்கும் மாத்திரையே, அடிக்கடி எடுக்கும்போது, தலைவலியை நிலைக்கச் செய்துவிடும். தலைவலிக்கு இயல்பாகவே ஆளாகக் கூடியவர்களிடம்தான் இது நேர்கிறது. மூட்டு வலிக்காக அதே மாத்திரையைத் தினமும் எடுத்தாலும் தலைவலிக்கு ஆளாகும் தன்மை இல்லாதவருக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் வருவதில்லை. பாரசிட்டமால், இபுபுரோஃபென் போன்ற தனி மருந்துகள் என்றால் மாதத்தில் 15 நாட்கள் என்பது எல்லை. ஒற்றைத் தலைவலிக்கென்று கொடுக்கப்படும் டிரிப்டான் வகை, எர்காட் வகை, கோடீன் போன்ற ஓபியாய்டு வகை, ஒரே மாத்திரையில் பல வலிநிவாரணிகள் சேர்ந்த கலவை ஆகியவற்றுக்கு 10 நாட்கள்தான் எல்லை. மூன்று மாதங்களுக்கு மேலாக இந்த எல்லையை எட்டியோ தாண்டியோ மாத்திரை எடுத்து வந்து, தலைவலியும் மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் இருந்தால், மாத்திரையின் பங்கை நாங்கள் சந்தேகிப்போம்.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, மாத்திரை எடுத்த நாட்களை. ஒரே நாளில் நான்கு எடுத்திருந்தாலும் அது ஒரு நாள்தான். தினமும் ஒன்று மட்டும் எடுத்தாலும் அது 30 நாள். இரண்டாவது, மருத்துவர் எழுதிக் கொடுத்தவை மட்டுமே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் நேரடியாக வாங்கியது, வீட்டில் இன்னொருவருக்காக வாங்கி வைத்திருந்தது, சளிக்கும் முதுகுவலிக்கும் எடுத்தது எல்லாமே சேரும். அட்டையின் பின்புறத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்து எழுதுங்கள். வெவ்வேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்து இருப்பதும், சாதாரண மாத்திரை என்று நினைத்ததில் காஃபீனோ கோடீனோ கலந்திருப்பதும் அப்போதுதான் தெரியவரும். பயிற்சியின் தொடக்க ஆண்டுகளில் நானே இதில் தவறியிருக்கிறேன். ‘என்ன மருந்து எடுக்கிறீர்கள்?’ என்று ஒரு நோயாளியிடம் கேட்டேன், ‘எதுவும் இல்லை’ என்றார், அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் நாள்தோறும் கடையில் வாங்கிப் போட்டுவந்த மாத்திரையை அவர் மருந்தென்றே கருதவில்லை என்பது மூன்றாவது சந்திப்பில்தான் தெரிந்தது. அதுவரை, தலைவலி வராமலிருக்க நான் கொடுத்த தடுப்பு மருந்து ஏன் பலிக்கவில்லை என்று இருவரும் குழம்பிக்கொண்டிருந்தோம்.

இந்த எண்ணைக் குறைத்துச் சொல்லத் தோன்றும். மாத்திரைக்கு அடிமை என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. வலியோடு குழந்தைகளையும் வேலையையும் கவனிக்க வேண்டியவர் மாத்திரை எடுத்ததில் குற்றம் எதுவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதேபோல, இதைப் படித்துவிட்டு இன்றே எல்லா மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். சிலவற்றைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். குறிப்பாக ஓபியாய்டு கலந்தவற்றைத் திடீரென்று விட்டால் உடல் படும் அவதி தனியானது. எதை எப்படி நிறுத்துவது என்பதே உங்கள் முதல் சந்திப்பின் முக்கியமான பேச்சாக இருக்கலாம்.

வலியின் தன்மையை எழுதும்போது உவமைகளைவிட உங்கள் நடத்தையை எழுதுவது மேல். ‘தலை வெடிப்பதுபோல்’ என்பதை எல்லா வகைத் தலைவலிக்காரரும் சொல்கிறார்கள். ஆனால் ‘படியேறினால் வலி கூடுகிறது, அசையாமல் இருட்டில் படுத்துக்கொள்வேன்’ என்று ஒருவர் எழுதினால் ஒற்றைத் தலைவலியின் பக்கம் என் எண்ணம் போகும். ‘ஒரு கண்ணைச் சுற்றி வலி, அந்தக் கண்ணில் மட்டும் நீர் வடியும், படுக்க முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பேன், ஒரு மணி நேரத்தில் போய்விடும்’ என்று எழுதினால் கொத்துத் தலைவலியை நினைப்பேன். இரண்டுக்கும் மருந்துகள் பெரிதும் வேறுபடும். எனவே வலி எந்தப் பக்கம், துடிக்கிறதா அழுத்துகிறதா, குமட்டல் உண்டா, வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடிகிறதா, அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பனவற்றை ஐந்தாறு வரிகளில் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை எழுதும்போது, மாத்திரை எடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் என்று குறிப்பிடுங்கள். ஒற்றைத் தலைவலி பெரியவர்களுக்கு 4 மணி முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும் என்பது மாத்திரையால் அடங்காத நிலையைக் கணக்கிட்டுச் சொன்ன அளவு.

வலிக்கு முன்போ வலியோடு சேர்ந்தோ கண்ணில் மின்னும் வளைகோடுகள், பார்வையில் ஒரு பகுதி மறைதல், கையிலிருந்து முகத்துக்கு ஏறும் மரத்துப்போதல், சொல் தடுமாறுதல் போன்றவை வந்தால் அவற்றுக்கென்று தனி வரி ஒதுக்குங்கள். அதில் நிமிடக் கணக்கு அவசியம்: மெல்லப் பரவியதா, ஒரே நொடியில் முழுதாக வந்ததா, எத்தனை நிமிடத்தில் மறைந்தது? ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் மெல்லப் பரவி ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இத்தகைய முன்னறிகுறி உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. மூளைப் பக்கவாதத்தின் ஆபத்து கூடுவதே காரணம். ஆகவே அந்த மாத்திரை எடுப்பதும், கருத்தரிக்கும் எண்ணம் இருப்பதும், தாளில் அரை வரியாவது இடம்பெற வேண்டும். வால்ப்ரோயேட், டோபிரமேட் போன்ற தடுப்பு மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யக் கூடியவை.

‘சைனஸ் தலைவலி’, ‘பித்தத் தலைவலி’, ‘டென்ஷன்’ என்ற பெயர்களை விட்டுவிடுங்கள். ஒற்றைத் தலைவலியின்போதும் மூக்கடைப்பும் கண்ணீரும் வரும் என்பதால், சைனஸ் என்று ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்தவர்கள் பலர். முன்பு ஒரு மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், அவர் சொன்னார் என்று குறிப்பிடலாம். உங்கள் சொல்லாக எழுத வேண்டாம். எதனால் வலி தூண்டப்படுகிறது என்ற நீண்ட பட்டியலும் இந்தப் பக்கத்துக்குத் தேவையில்லை. ஐயமின்றித் தெரிந்தது ஒன்றிரண்டு இருந்தால் எழுதுங்கள். மாதவிடாயோடு தொடர்பு இருந்தால் அதை விடவே விடாதீர்கள்.

பழைய தடுப்பு மருந்துகளைப் பற்றி எழுதும்போது ‘பலன் இல்லை’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மருந்தின் பெயர், ஒரு நாளின் மொத்த அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்ற நான்கும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. தடுப்பு மருந்து பலித்ததா என்று முடிவுசெய்ய, போதுமான அளவை எட்டிய பிறகு ஏறத்தாழ இரண்டு மாதங்களாவது பார்க்க வேண்டும். முன்பு சொன்ன அந்தப் பெண் அமிட்ரிப்டிலின் பலிக்கவில்லை என்றார். சீட்டைப் பார்த்தால் 10 மில்லிகிராம், அதுவும் 12 நாட்கள். காலையில் தூக்கம் கலையவில்லை என்று நிறுத்தியிருக்கிறார். அது பலிக்காத மருந்து அல்ல, சோதித்துப் பார்க்கப்படாத மருந்து. ‘பலன் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வேறொன்றுக்குப் போயிருப்பேன். அளவு நினைவில் இல்லையென்றால் பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘அளவு தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

அந்தப் பெண் அடுத்த முறை எழுதி வந்த தாள் ஏறத்தாழ இப்படி இருந்தது. இதன் அளவையும் நடையையும் பாருங்கள்.

“வயது 41. முதல் தலைவலி 17 வயதில். பல ஆண்டுகள் மாதம் இரண்டு முறை. சென்ற ஆண்டு ஜூன் முதல் அடிக்கடி வருகிறது.

கடந்த 30 நாட்களில்: வலியே இல்லாதவை 11 நாள், வலி இருந்தவை 19 நாள், அவற்றில் படுக்க நேர்ந்தவை 8 நாள். வலி மாத்திரை எடுத்தவை 16 நாள். பாரசிட்டமால், காஃபீன் உள்ளிட்ட கலவை மாத்திரை 14 நாள், இபுபுரோஃபென் 400 மில்லிகிராம் 5 நாள். மூன்று நாட்களில் இரண்டும். முந்தைய மூன்று மாதங்களும் ஏறத்தாழ இப்படியே.

கடுமையான வலி: பெரும்பாலும் வலது நெற்றிப்பொட்டில் துடிக்கும், சில முறை இடதுபுறம். குமட்டல் உண்டு, வாந்தி எப்போதாவது. வெளிச்சம், ஓசை பொறுக்காது. நடந்தால் கூடும், இருட்டில் படுத்துவிடுவேன். மாத்திரை எடுக்காவிட்டால் ஒன்றரை நாள் நீடிக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாள் அநேகமாகத் தவறாமல் வரும். மற்ற நாட்களின் வலி தலை முழுதும் மந்தமாக, காலையில் எழும்போதே இருக்கும். கண்ணில் மின்னல், மரத்துப்போதல் இல்லை.

முன்பு எடுத்த தடுப்பு மருந்து: அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், 12 நாள், பகல் தூக்கத்தால் நிறுத்தினேன். ப்ரோப்ரனலால் நாளுக்கு 40 மில்லிகிராம், 10 வாரம். வலி நாட்கள் குறையவில்லை, பக்கவிளைவு இல்லை.

பிற நோய்: இல்லை. ஆஸ்துமா இல்லை. மருந்து ஒவ்வாமை இல்லை. கருத்தடை மாத்திரை எடுக்கவில்லை. தாய்க்கு இதேபோன்ற தலைவலி இருந்தது. எம்.ஆர்.ஐ. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இயல்பு. அறிக்கை கைவசம் உள்ளது.

நான் கேட்க விரும்புவது: காலையில் எழும்போதே வலி இருப்பது ஏன்? மாத்திரையைக் குறைத்தால் வலி வரும் நாட்களில் என்ன செய்வது?”

இதைப் படிக்க எனக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. கலவை மாத்திரை 14 நாள் என்பது 10 நாள் எல்லையைத் தாண்டியிருந்தது. காலையில் எழும்போதே வரும் மந்தமான வலி அந்தச் சந்தேகத்தோடு ஒத்துப்போனது. ப்ரோப்ரனலால் பெரும்பாலும் நாளுக்கு 80 முதல் 160 மில்லிகிராம்வரை கொடுக்கப்படுவதால், அதுவும் குறைந்த அளவிலேயே நின்றிருந்தது தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது என்பதால், ஆஸ்துமா இல்லை என்ற ஒரு வரியால் அதன் அளவை உயர்த்துவதைப் பற்றி உடனே பேச முடிந்தது. மீதி நேரம் முழுவதும் அவருடைய இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்தது.

உங்களுக்கு மூன்று வாரங்கள் இருக்கின்றன. நினைவிலிருந்து எண்ணுவதைவிட, இன்றிரவு முதல் படுக்கப் போகும் முன் ஒரு வரி எழுதுங்கள்: இன்று வலி இல்லை, இருந்தது, அல்லது படுக்க வைத்தது; எடுத்த மாத்திரையின் பெயர், எண்ணிக்கை; மாதவிடாய் என்றால் ஒரு குறி. வலி இல்லாத நாளையும் தவறாமல் எழுத வேண்டும், வெற்றிடமாக விட்டால் அது நல்ல நாளா மறந்த நாளா என்று பிறகு தெரியாது. தாளில் ‘கடந்த 21 நாட்களில்’ என்றே எழுதுங்கள். 30 நாளுக்குப் பெருக்கிக் காட்ட வேண்டாம். அதற்கு முந்தைய மாதங்களும் இதுபோன்றவையா, இதைவிட மோசமா என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

சில அறிகுறிகள் வந்தால் தாளுக்காகவும் சந்திப்புக்காகவும் காத்திருக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும், வாழ்நாளில் கண்டிராத கடும் வலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி. கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு. திடீர்ப் பார்வை இழப்பு. தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றுக்கு உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கருவுற்றிருக்கும்போதோ பிரசவத்தை ஒட்டியோ புதிதாக வரும் கடும் தலைவலியையும், 50 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். இருமும்போது மட்டும் வருவது, எழுந்து நின்றால் கூடிப் படுத்தால் குறைவது, அல்லது படுத்தால் கூடுவது என்ற விவரங்கள் இருந்தால் அவற்றைத் தாளின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள். சந்திப்பை முன்கூட்டியே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்.

எழுத்து பெரிதாக, பக்கத்தின் ஒரு புறத்தில் மட்டும் இருக்கட்டும். இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சென்று அமர்ந்ததும் ஒன்றை மருத்துவரிடம் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். பிறகு அவர் கேட்கும் கேள்விகள் உங்கள் தாளிலிருந்தே எழும். உங்கள் பிரதியின் ஓரத்தில் அவர் சொல்லும் மருந்தின் அளவையும், எத்தனை வாரம் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.